பதகளிப்பும் பயன் தரும் இரண்டு நூல்களும்

மனப் பதகளிப்பைப் பற்றிய புத்தகங்கள் கடைகளில் ஏராளம். ஏழே நாளில் பயம் ஓடும் என்று அட்டையிலேயே வாக்குக் கொடுப்பவையும், பயங்கரக் கதைகளைச் சொல்லி வாசகரை இன்னும் நடுங்க வைப்பவையும் அவற்றுள் உண்டு. எப்போது வைத்தியரிடம் போகவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லாத நூலை, அல்லது மருந்தை உடனே நிறுத்தச் சொல்லும் நூலை, வாங்காமல் வைத்துவிடுவதே நல்லது. அப்படியானால் எதை வாசிப்பது?

அவுஸ்திரேலிய வைத்தியர் கிளேர் வீக்ஸ் அம்மையார் 1962இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப் ஃபோர் யுவர் நேர்வ்ஸ்' என்ற ஆங்கில நூல் இன்றும் வாசிக்கத் தக்கது. இளமையில் இவருக்குக் காசநோய் என்று தவறாக எண்ணிச் சிகிச்சை நிலையத்தில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபின் நெஞ்சுப் படபடப்பு அவரை விடவில்லை. முதலாம் உலகப் போரில் இருந்த நண்பர் ஒருவர், போர்முனையில் தங்களுக்கும் இதயம் இப்படித்தான் அடித்தது, அது பயத்தின் வேலை என்று விளக்கினார். அந்த விளக்கமே நூலின் வித்து.

அவர் பயத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஓர் உதாரணத்தில் பார்ப்போம். மாம்புரியில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். தென்மேல் காற்று வீசும் காலம், கணவர் கடலில். இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழிக்கிறாள். நெஞ்சு அடிக்கிறது. இது முதல் பயம். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலப்பதால் வருவது. அவள் அழைத்து வரவில்லை. அடுத்த கணம், "ஐயோ, எனக்கு மாரடைப்போ?" என்கிறாள். இது இரண்டாம் பயம். இது மேலும் அட்ரினலினை வரவழைக்கிறது. மூச்சை வேகமாக இழுக்கிறாள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது. அதைக் கண்டு பயம் இன்னும் ஏறுகிறது. காற்று ஓய்ந்து, கணவர் கரை சேர்ந்த பிறகும், அடுத்த இரவு படுக்கைக்குப் போகவே அஞ்சுகிறாள்.

வீக்ஸ் சொல்லும் வழி நான்கு படிகள்: விட்டு ஓடாமல் எதிர்கொள்ளல், ஏற்றுக்கொள்ளல், மிதத்தல், காலம் கடக்க விடுதல். நீரோட்டத்தில் அகப்பட்டவன் கையைக் காலை அடித்தால் களைத்துப்போவான் என்பது கரையோர மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தத் தாய் தசைகளைத் தளர விட்டு, மூச்சை மெதுவாக விட்டு, "அடிக்கட்டும்" என்று கிடக்கவேண்டும். இத்தகைய அலை பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும்.

தவறு நேருவது இங்கேதான். "ஏற்றுக்கொண்டேனே, ஏன் இன்னும் போகவில்லை?" என்று நாடியைப் பிடித்துப் பார்த்தபடி இருப்பவர் இன்னும் சண்டைதான் பிடிக்கிறார். அதேபோல, வழியில் நெஞ்சு அடிக்குமோ என்று புத்தளம் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினால், அன்று நிம்மதி. நாளை பஸ் இன்னும் பெரிய பூதம். முதலில் ஒரு தரிப்பிடம் வரை, படபடப்போடேயே போய் வருவது நல்லது. நூலின் நடையும் சில சொற்களும் பழையவைதாம், கருத்து பழசாகவில்லை.

நாள்தோறும் செய்யும் சிறு பழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'டூயிங் வட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஒஃப் ஸ்ட்ரெஸ்' என்ற படநூல் உதவும். இணையத்தில் இலவசம், சொற்கள் குறைவு, படங்கள் அதிகம். ஆங்கிலம் படிக்கும் மகளோ மகனோ நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்துத் தாய்க்குச் சொல்லலாம். அதன் முதற் பயிற்சி எளிது. மனத்தில் ஓடுவதை "கவலை வந்திருக்கிறது" என்று கவனிக்கவேண்டும். பாதங்களை நிலத்தில் அழுத்தி மெதுவாக மூச்சு விடவேண்டும். பின்பு கண்ணில் படுவது, காதில் விழுவது, கையில் தட்டுப்படுவது என்ன என்று பார்த்து, கைவேலைக்குத் திரும்பவேண்டும். கவலையை விரட்டுவது இதன் நோக்கமன்று. மீன் கழுவும்போதும், மிளகாய்ப் பாத்திக்கு நீர் விடும்போதும், மனம் அமைதியாய் உள்ள வேளையிலேயே இதைப் பழகவேண்டும். புயல் நடுவே நீச்சல் படிக்க முடியாது.

ஆயினும் நெஞ்சு இறுக்கம் முதன்முறையாக வந்தால், அது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், புத்தகத்தைத் தேடாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் உறக்கமும் தொழிலும் கெட்டாலும், உயிரில் வெறுப்பு வந்தாலும் வைத்தியரிடம் போகவேண்டும். இரவு வேளையானால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்குப் பேசலாம்.