ஆரபியா, தேவகாந்தாரியா? சட்டென்று பிரித்தறிய 7 குறிப்புகள்

கச்சேரியில் கேட்ட ஒரு சங்கதி மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முணுமுணுத்துப் பார்த்தால் ஆரபி மாதிரியும் இருக்கும், தேவகாந்தாரி மாதிரியும் இருக்கும். இரண்டும் சங்கராபரணத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ, அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ. அதனால் ஸ்வரங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ‘ப ம க ரி ஸ ரி’ என்ற பிடியை வைத்தே பார்ப்போம்.

1. முதலில் தம்பூராவையோ ஸ்ருதிப் பெட்டியையோ போட்டு, ஸட்ஜம் எது என்று நிலைநிறுத்திக்கொண்டு பாடுங்கள். ஸட்ஜம் இடம் மாறினால் ராகமே மாறிப்போகும். கீபோர்டில் வாசித்துப் பார்ப்பது ஸ்வர வரிசையைக் கண்டுபிடிக்க உதவும். அதற்கு மேல் உதவாது. கமகம் இல்லாமல் வாசித்தால் இரண்டு ராகமும் ஒன்றுபோலவே கேட்கும்.

2. நினைவில் இருக்கும் பிடியில் காந்தாரமோ நிஷாதமோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘ரி ம ப த ஸ’ என்றால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது இரண்டு ராகத்துக்கும் பொது. போதாக்குறைக்கு சுத்த சாவேரியின் ஆரோகணமும் அதுவேதான். கொஞ்சம் முன்னும் பின்னும் ஞாபகப்படுத்தி, இறங்கும் இடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நம் ‘ப ம க ரி ஸ ரி’யில் காந்தாரம் இருப்பதால் மேலே போகலாம்.

3. அந்தப் பிடியைப் பாதி வேகத்தில் பாடுங்கள். நினைவில் தங்குவது பெரும்பாலும் ஸ்வர வரிசைதான். காலப்பிரமாணமும் அசைவும் முதலில் மறந்துபோகும். குழப்பத்துக்குக் காரணமே அதுதான். ஆரபி கனராகங்கள் ஐந்தில் ஒன்று. மத்திம காலத்தில், தானத்தில் களைகட்டும். இழுத்துப் பாடினால் அதன் மிடுக்குப் போய்விடும். தேவகாந்தாரி விளம்பத்தில்தான் நன்றாக விரியும். மெதுவாகப் பாடும்போது பிடி சப்பென்று ஆகிறதா, இல்லை இன்னும் அழகாகிறதா என்று கவனியுங்கள்.

4. இப்போது காந்தாரத்தில் நின்று பாருங்கள். மிகவும் நம்பகமான சோதனை இதுதான். ஆரபியில் காந்தாரம் மத்யமத்தை ஒட்டியே, தொட்டதும் தெரியாமல் ரிஷபத்துக்கு இறங்கிவிடும். அதில் நின்று நீட்டினால் ராகம் கெட்டுப்போகும். தேவகாந்தாரியில் காந்தாரத்தை அசைத்து நீட்ட இடமுண்டு. ‘ப ம க’ என்று வந்து அங்கேயே கொஞ்சம் அசைத்து நின்றால் உறுத்தவில்லை என்றால், தேவகாந்தாரி பக்கம் தராசு சாய்கிறது.

5. பிடியின் வால் எங்கே போகிறது என்று பாருங்கள். ‘ப ம க ரி ஸ ரி’க்குப் பிறகு ‘ம ப’ என்று விறுவிறுவென மேலே ஏறத் தோன்றினால் அது ஆரபியின் போக்கு. அப்படி ஏறாமல் ‘ஸ ரி க, ஸ ரி’ என்று ரிஷபத்திலிருந்து காந்தாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பத் தோன்றினால் அது தேவகாந்தாரி. அந்த ராகத்தை உடனே காட்டிக்கொடுக்கும் பிடிகளில் இது ஒன்று.

6. காந்தாரத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் நிஷாதத்துக்குப் போங்கள். ஆரபியில் நிஷாதம் மேல் ஸட்ஜத்தின் நிழலிலேயே ஒதுங்கி நிற்கும். ‘ஸ ஸ த ப’ என்று அதை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. தேவகாந்தாரியில் நிஷாதத்துக்குத் தனி நேரம் கிடைக்கும்.

7. கடைசியாகத் தெரிந்த கிருதியோடு ஒட்டிப் பாருங்கள். ஆரபிக்குப் பஞ்சரத்னமான ‘சாதிஞ்செனே’, தேவகாந்தாரிக்குத் தியாகராஜரின் ‘க்ஷீரஸாகர சயன’. பிடியைப் பாடிவிட்டு, மூச்சு விடாமல் பல்லவிக்குள் நுழையுங்கள். முதலில் பாடும் பாட்டின் நிறம் காதில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் சற்று இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே பாட்டோடு இழைந்தால்தான் அந்தச் சோதனையை நம்பலாம். கல்பனாஸ்வரத்தின் வேகமான பகுதியிலிருந்து பிடித்த சங்கதியாக இருந்தால் இதுவும் போதாது. துரித காலத்தில் தேவகாந்தாரியின் அசைவுகள் சுருங்கி, ஆரபியாகவே காதில் விழும். அப்போது அதே உருப்படியின் ஆலாபனையையோ பல்லவியையோ கேட்டு, அதில் காந்தாரத்தைத் தேடுங்கள்.