பட்டா விண்ணப்பம்: புல எண், உட்பிரிவு, பரப்பு – சரியாக டைப் செய்வது எப்படி?

செராமிக் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தில் 30 சென்ட் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். பத்திரப் பதிவு முடிந்துவிட்டது. பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வீட்டிலேயே கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருப்பதால், தமிழ்நாடு அரசின் tamilnilam.tn.gov.in/citizen தளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிடலாம். ஆனால் புல எண், உட்பிரிவு எண், பரப்பு ஆகிய மூன்றையும் பத்திரத்தில் உள்ளபடியே அப்படியே டைப் செய்துவிடக் கூடாது. பத்திரம் எழுதும் முறை வேறு; வருவாய்த் துறையின் கம்ப்யூட்டர் பதிவேடு வேறு.

எனவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், eservices.tn.gov.in தளத்திற்குச் சென்று அந்த நிலத்தின் சிட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்துவிடவும். பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

மாவட்டம், வட்டம், கிராமம் என்று மூன்று பட்டியல்கள் வரும். கடலூர், விருத்தாசலம், பிறகு கிராமம். 1993-க்கு முந்தைய பத்திரமாக இருந்தால் அதில் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்று இருக்கும். அந்த ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்பட்டதால் இப்போது கடலூரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பத்திரத்தில் விருத்தாசலம் வட்டம் என்று இருந்து, பட்டியலில் கிராமம் இல்லை என்றால், வேப்பூர் வட்டத்திலும் தேடிப் பார்க்கவும். அது பின்னர் தனி வட்டமாக்கப்பட்டது.

கிராமம் என்பது வருவாய் கிராமம். தபால் முகவரியில் உள்ள பெயரோ, பஸ் நிறுத்தத்தின் பெயரோ, மனைப் பிரிவுக்கு வைத்த நகர் பெயரோ பட்டியலில் இருக்காது. பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் ‘கிராமம்’ என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள பெயரைப் பார்க்கவும். நிலம் நகராட்சி எல்லைக்குள் இருந்து, பத்திரத்தில் வார்டு, பிளாக், நகர அளவை எண் (டி.எஸ். எண்) என்று எழுதியிருந்தால், ‘கிராமப்புறம்’ என்பதற்குப் பதில் ‘நகர்ப்புறம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புல எண்ணும் உட்பிரிவும்

நம் பத்திரத்தில் ‘புல எண் 84/2B’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்திற்கு மட்டும்). இதை முழுவதுமாக ஒரே பெட்டியில் டைப் செய்யக் கூடாது. கம்ப்யூட்டரில் இவை இரண்டு தனித்தனித் தகவல்கள். புல எண் பெட்டியில் 84 மட்டும். சாய்வுக் கோடு வேண்டாம். பிறகு உட்பிரிவுப் பட்டியலைத் திறந்தால் 1, 2A, 2B என்று வரும். அதில் 2B-யைத் தேர்ந்தெடுத்திடவும்.

பட்டியலில் 2B இல்லாமல் 2B1, 2B2 என்று இருந்தால்? உட்பிரிவு எண் வளரும் விதம் தெரிந்தால் இது புரியும். முதலில் 84 என்ற புலம் 84/1, 84/2 என்று பிரிகிறது. அடுத்து 84/2 என்பது 2A, 2B என்று பிரிகிறது. 2B மீண்டும் பிரிந்தால் 2B1, 2B2 ஆகிறது. எண், எழுத்து, எண் என்று மாறி மாறி வரும். பிரிந்த பிறகு 2B என்ற எண் பதிவேட்டில் இருக்காது. அந்த நிலையில் ஊகித்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டின் சிட்டாவையும் திறந்து, உங்களுக்கு விற்றவரின் பெயர் எதில் இருக்கிறது என்று பார்க்கவும். பிறகு புலப்படத்தை எடுத்து, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளோடு ஒப்பிடவும்.

84 என்ற எண்ணில் வேறு யாருடைய நிலமோ வருகிறதா? அப்படியானால் பத்திரத்தில் உள்ளது பழைய எண்ணாக இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பல நிலங்களுக்கு எண்கள் மாறின. ‘அ’ பதிவேட்டில் ‘பழைய புல உட்பிரிவு எண்’ என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே உங்கள் பத்திரத்தின் எண் இருக்கும் வரிதான் உங்கள் நிலம்.

பரப்பு: இங்கேதான் சிக்கல்

பத்திரத்தில் சென்ட்; பதிவேட்டில் ஹெக்டேர், ஏர். சிட்டாவில் 84/2B-யின் பரப்பு இப்படித் தெரியும்: 0 - 30.50. இதன் பொருள் 0 ஹெக்டேர், 30.50 ஏர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 0.4047 ஏர். எக்செல் தொகுப்பில் ஒரு செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டவும்:

```
=30*0.4047
```

விடை 12.141, அதாவது 12.14 ஏர். பத்திரம் சதுர அடியில் இருந்தால் 1076.39 ஆல் வகுக்கவும்:

```
=2400/1076.39
```

இது 2.23 ஏர்.

இனி, படிவத்தில் பெட்டிக்கு அருகே உள்ள அலகைப் படிக்கவும். ஹெக்டேர், ஏர் என்று இரண்டு பெட்டிகள் இருந்தால் 0 மற்றும் 12.14. ஹெக்டேர் என்று ஒரே பெட்டி இருந்தால் 0.1214. சதுர மீட்டர் என்றால் 1214.

30 சென்ட் என்பதை 0.30 ஏக்கர் என்று எழுதிப் பழகியவர்கள், ஹெக்டேர் பெட்டியிலும் 0.30 என்று டைப் செய்துவிடுவார்கள். 0.30 ஹெக்டேர் என்பது 30 ஏர். சுமார் 74 சென்ட்! 84/2B முழுவதுமே 30.50 ஏர்தான். 30 சென்ட் வாங்கியவர், ஏறக்குறைய மொத்த நிலத்தையும் கேட்டது போல் ஆகிவிடும். 5 ஏர் என்பதை 0.05 என்பதற்குப் பதில் 0.5 என்று அடித்தால் பரப்பு பத்து மடங்காகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மீதியைக் கணக்கிடுவதுதான். 30.50-இல் 12.14 போக 18.36 ஏர் விற்றவரிடம் இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது 75 சென்ட் என்று பத்திரம் சொன்னால், மீதி 45 சென்ட், அதாவது 18.21 ஏர். வித்தியாசம் 0.15 ஏர். பதிவேட்டில் ஏர் கணக்கை முழுமைப்படுத்தி எழுதியிருப்பதால் இவ்வளவு வருவது இயல்பு. வித்தியாசம் பல ஏர் என்றால் எங்கோ தவறு; சமர்ப்பிக்க வேண்டாம்.

பரப்பைப் பொறுத்தே விண்ணப்பத்தின் வகையும் மாறும். 2B முழுவதையும் வாங்கியிருந்தால் ‘உட்பிரிவு இல்லாத’ பட்டா மாறுதல். நம் உதாரணம் போல ஒரு பகுதி மட்டும் என்றால் ‘உட்பிரிவு உள்ள’ பட்டா மாறுதல். இதில் சர்வேயர் நேரில் வந்து அளந்து, புது எண் தருவார். முதல் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்; அல்லது விற்றவரோடு சேர்த்துக் கூட்டுப் பட்டா வந்துவிடலாம்.

பதிவேட்டிலேயே பிழை இருந்தால்

சிட்டாவில் உள்ள பரப்பே பத்திரத்தை விட மிகக் குறைவாக இருக்கிறது என்றால், படிவத்தில் எண்ணை மாற்றி டைப் செய்து அதைச் சரிக்கட்ட முடியாது. தாலுகா அலுவலகத்தில் பத்திர நகலுடன் திருத்தம் கோரி மனு கொடுக்க வேண்டும். தாசில்தாரின் உத்தரவில் உடன்பாடு இல்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். விருத்தாசலம் வட்டத்தினருக்கு அந்த அலுவலகம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது.

சமர்ப்பிக்கும் முன் படிவத்தை பிரிண்ட் எடுத்து, சிட்டாவின் பிரிண்ட்டோடு வைத்து, வீட்டில் இன்னொருவரை எண்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். B-க்கும் 8-க்கும், 1-க்கும் I-க்கும் உள்ள குழப்பம் மானிட்டரில் தெரிவதைவிட காதில் கேட்கும்போது சீக்கிரம் பிடிபடும். விண்ணப்பித்தவுடன் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும். விண்ணப்பத்தின் நிலையை அறிய அது தேவைப்படும்.