சனி மாலை மூடி, திங்கள் காலை திறக்க

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. சுமார் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய், எல்லாவற்றுக்கும் பொதுவான மென்பொருள். செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரம் போன்ற ஊர்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தில் நீங்கள் செயலாளர் என்று வைத்துக்கொள்வோம். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற ஒரு வாரக் கடைசிதான் இருக்கிறது.

மாதத்தின் கடைசி நாள் சனியில் விழும் வாரத்தைப் பிடியுங்கள். 2026இல் அக்டோபர் 31 அப்படி வருகிறது. ஆனால் அடுத்த வாரமே தீபாவளி, கவுன்ட்டரில் கூட்டம் இருக்கும். அதை விட்டுவிடலாம். மாதக் கணக்கு முடிகிற வசதியைவிடக் கூட்டமில்லாத திங்கள்கிழமை முக்கியம்.

சனி மாலை பணப்பெட்டியை எண்ணி, நாள் கணக்கை முடித்து, பேக்கப் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி யாரும் பின்வாங்க முடியாது.

ஞாயிறு காலை தகவல் ஏறியதும் ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போகும். எல்லோருக்கும் மூச்சு வரும். ஆபத்து இங்கேதான். ஒரு நகைக்கடன் 60,000 ரூபாய், வட்டி 10 சதவீதம், கடைசியாக வட்டி கட்டியது 05-08-2026. புதிய மென்பொருள் மாதத்தை முதலில் படித்தால் அது மே 8 ஆகிவிடும். அசல் மாறாது, மொத்தமும் மாறாது. ஆனால் 89 நாள் வட்டி, அதாவது 1,463 ரூபாய், உறுப்பினர் தலையில் கூடுதலாக விழும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை வெற்றிடமாக நிற்கின்றனவா, இன்னும் வராத தேதிகள் தென்படுகின்றனவா என்று தேடினால் இந்தக் கோளாறு பிடிபடும். அதன்பிறகு, பெரிய கடன்கள், ஒரே பெயருள்ள உறுப்பினர்கள், தவணை தவறியவர்கள் என முப்பது கணக்குகளின் வட்டியை இரண்டு மென்பொருளிலும் போட்டு ஒப்பிடுங்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிதான் முடிவு நேரம். முப்பதில் ஒன்றில்கூடக் காரணம் தெரியாத வித்தியாசம் இருந்தால் திங்களன்று பழைய மென்பொருளே ஓடட்டும். முடிவெடுப்பவர் ஒருவரே இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் ஆள் அல்ல, நீங்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் இப்படி ஒரு வாரக் கடைசியில் மாறியபோது சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதமும் வந்தது.

திங்களன்று முதல் ரசீது போட்டதும் பின்வாங்குவது கடினமாகிவிடும். பேக்கப்பில் அந்த ரசீது இருக்காது. ஆகவே முதல் வாரம் ஒவ்வொரு வரவு, செலவுச் சீட்டுக்கும் நகல் எடுத்து வரிசையாகக் கோத்து வையுங்கள். திரும்ப நேர்ந்தால் அவற்றைப் பழைய மென்பொருளில் பதிந்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வழி கிடையாது: பிழை வந்தால் புதியதிலேயே திருத்தப் பதிவு போட வேண்டியதுதான். பழைய கணினியில் புதிதாக எதையும் பதிய முடியாதபடி பூட்டி, அந்த ஆண்டின் தணிக்கை முடியும்வரை அலுவலகத்திலேயே வைத்திருங்கள்.