ஆராய்ச்சி உதவியாளர் பணிக்குப் பேராசிரியருக்கு எழுதும் கடிதம்: எந்தக் கதவுக்கு எந்தக் கடிதம்?

ஆராய்ச்சி உதவியாளர் பணி கேட்டுப் பேராசிரியருக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: கடிதம், மதிப்பெண் பட்டியல், ஆர்வக் குறிப்பு. மூன்றும் எல்லாப் பேராசிரியருக்கும் ஒன்றுபோல அமைவதில்லை. பணத்தை யார் தருகிறார், ஆளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து அவை மாறும். ஆகவே எழுத உட்காரும் முன் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குலசேகரன்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். தூத்துக்குடியில் எம்.எஸ்சி. நிலவியல் படித்து முடித்திருக்கிறார். ஊரை அடுத்த மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டின் வடிவ மாற்றத்தைத் தம் திட்டக்கட்டுரைக்கு எடுத்திருந்தார். கரையோர மாற்றங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவரிடம் வேலை செய்ய விரும்புகிறார். இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அறிவிக்கப்பட்ட திட்டப் பணி. இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் தாம் விரும்பியவரை நேரே சம்பளத்தில் அமர்த்திக்கொள்ள முடியாது. ஆராய்ச்சித் திட்டத்துக்கான பணம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற அமைப்புகளிடமிருந்து வருகிறது. எத்தனை பணியிடம், என்ன தகுதி, என்ன ஊதியம் என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பணியிடத்தை அறிவித்து, தேர்வுக் குழு வைத்துத்தான் ஆளெடுக்க வேண்டும். நெட் அல்லது கேட் தேர்ச்சி பெற்ற இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் அதற்கு மேல் வீட்டு வாடகைப் படியும் உண்டு. 'ரிசர்ச் அசோசியேட்' என்பது பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான பணி. எம்.எஸ்சி. முடித்தவர் அந்தப் பெயரைப் போட்டு விண்ணப்பித்தால், முறையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதியிருக்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இந்த வழியில் கடிதத்துக்கு எடை குறைவு. அறிவிப்பில் கேட்ட தகுதி இருக்கிறதா என்பதைத்தான் குழு முதலில் பார்க்கும்.

இரண்டாவது வழி, அறிவிப்பு எதுவும் இல்லாதபோது தாமாக எழுதுவது. 'எனக்கு வேலை கொடுங்கள்' என்று கேட்டால், மேலே சொன்ன காரணத்தால் பேராசிரியரால் 'சரி' என்று சொல்ல முடியாது. பதில் எழுதாமல் விட்டுவிடுவதுதான் அவருக்குச் சுலபம். அவரால் கொடுக்கக்கூடியதைக் கேட்க வேண்டும்: அடுத்த திட்டப் பணி எப்போது அறிவிக்கப்படலாம் என்ற தகவல், அதுவரை சில வாரங்கள் ஆய்வகத்தில் பயிற்சி பெற அனுமதி. இரண்டுக்கும் அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்கா, ஐரோப்பாவில் தம் ஆய்வு நிதியிலிருந்து உதவியாளரைத் தாமே அமர்த்தும் பேராசிரியர்கள் பலர் உண்டு. அங்கே பணியை நேராகவே கேட்கலாம்.

மூன்றாவது வழி, இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்ய இடம் தருகிறது. படிப்பு முடித்துவிட்ட நம் மாணவிக்கு இது பொருந்தாது.

  

ஆக, நம் மாணவிக்கு ஏற்றது இரண்டாவது வழி. அறிவிப்பு வந்தால் முதல் வழிக்கு மாறிக்கொள்ளலாம். இனி கடிதத்தோடு போக வேண்டிய மற்ற இரண்டு பகுதிகள்.

மதிப்பெண் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டியது, பல்கலைக்கழகம் உறையிலிட்டு முத்திரை வைத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்டா, கையிலுள்ள மார்க் ஷீட்டுகளா என்பது. முதலாவதற்குக் கட்டணம் கட்டி, சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பம் கேட்டால் ஒழிய அது தேவையில்லை. உள்நாட்டுப் பேராசிரியருக்கு எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகளையும் வரிசையாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்பினால் போதும். கைப்பேசியில் எடுத்த எட்டுப் படங்களைத் தனித்தனியாக இணைத்தால் பாதியை யாரும் திறக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு இளநிலைப் பட்டத்தில் மொழிப் பாடங்கள் பகுதி ஒன்றிலும் இரண்டிலும், முதன்மைப் பாடங்கள் பகுதி மூன்றிலும் வரும். பிற மாநிலப் பேராசிரியருக்கு இது விளங்காது. பகுதி மூன்றின் சதவீதம் இவ்வளவு, முதுநிலை சதவீதம் இவ்வளவு என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம். சிஜிபிஏயைச் சொந்தக் கணக்கில் சதவீதமாக்கக் கூடாது. பட்டியலில் உள்ளபடியே தர வேண்டும். அரியர் இருந்து பிறகு தேறியிருந்தால் அதை மறைக்க முடியாது, பட்டியலில் தேதி இருக்கும். எந்தத் தாள், எப்போது தேறியது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. குடும்பச் சூழலை விளக்கும் பத்தி வேண்டாம்.

கடைசியாக ஆர்வக் குறிப்பு. கடிதம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். 'சிறுவயது முதல் கடல் மீது எனக்கு ஆர்வம்' என்று தொடங்கும் குறிப்பைக் கடற்கரையில் பிறந்த யாரும் எழுதலாம். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், நம் மாணவி எழுத வேண்டிய குறிப்பின் சாரம் இப்படி இருக்கலாம்:

"மணப்பாட்டு மணல்திட்டின் மாற்றத்தை லேண்ட்சாட் படங்களில் அளந்தேன். அதில் ஒரு படப்புள்ளி 30 மீட்டர் என்பதால், ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்வை நம்பிச் சொல்ல முடியவில்லை. படம் எடுத்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 படங்களையும் கரையில் நடந்து எடுக்கும் ஜிபிஎஸ் அளவீட்டையும் சேர்த்து இதைத் திரும்பச் செய்ய விரும்புகிறேன். தாங்கள் தங்கள் கட்டுரையில் ஓதத் திருத்தம் செய்த முறை இந்தக் கரைக்கும் பொருந்துமா என்பது என் கேள்வி."

இதில் செய்த வேலை, அதன் குறை, அடுத்த கேள்வி மூன்றும் இருக்கின்றன. தம் வேலையின் குறையைத் தாமே சொல்லத் தெரிந்தவரிடம் தரவை நம்பி ஒப்படைக்கலாம் என்று பேராசிரியருக்குத் தோன்றும். கடைசி வரியை எழுத அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். முகப்புச் சுருக்கம் போதாது. பேராசிரியரின் பெயரை மட்டும் மாற்றி இதே குறிப்பை இன்னொருவருக்கு அனுப்ப முடிகிறது என்றால், அது சுற்றறிக்கை. வாங்குபவருக்கும் அது தெரியும்.

இந்தக் குறிப்பைத் தனித் தாளில் இணைப்பதா, கடிதத்துக்குள்ளேயே வைப்பதா? அறிவிப்பு தனியாகக் கேட்டால் தனித் தாள். தாமாக எழுதும் கடிதத்தில் உள்ளேயே வைப்பது மேல், ஏனென்றால் இணைப்பைத் திறக்காதவரும் கடிதத்தைப் படிப்பார். தான் யார் என்று இரண்டு வரி, குறிப்பு, கேட்பது என்ன என்று இரண்டு வரி, மதிப்பெண் வரி ஒன்று. திரையை நகர்த்தாமல் படித்து முடிக்கும் அளவு.

பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். 'அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்' என்று பதில் வந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விதிப்படி அவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அத்தகைய அறிவிப்புகள் பல்கலைக்கழக இணையதளத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே இருக்கும், நேர்காணலுக்கு அசல் சான்றிதழ்களும் கேட்பார்கள். பட்டச் சான்று இன்னும் வராதவர்கள் தற்காலிகச் சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.