இரண்டு சாவி, இரண்டு பேர்

வங்கிக் கிளையின் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று தலைமைக் காசாளரிடம் இருக்கும், மற்றது ஓர் அதிகாரியிடம். இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். காலையில் பணத்தை வெளியே எடுக்கவும், மாலையில் எண்ணி உள்ளே வைக்கவும் இருவரும் வேண்டும். அந்த இருவர் ஒருகாலத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்களாகவும், இப்போது முகம் பார்த்துப் பேசாதவர்களாகவும் இருந்தால், ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் நாள்தோறும் இரண்டு முறை சேர்ந்து நிற்க நேரும். மற்ற வேலைகளில் எப்படியாவது ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே சாவி விடாது.

முதலில் இடறுவது கூப்பிடும் முறை. "டா" போட்டுப் பேசியவரை இனி எப்படிக் கூப்பிடுவது? "சார்" என்றால் குத்தலாகக் கேட்கும். பழையபடி கூப்பிட வாய் வராது. அதனால் பலர் பெயரே சொல்லாமல் "இந்தாங்க", "பாருங்க" என்று காலம் தள்ளுவார்கள். அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கவுன்ட்டரில் கூட்டம் இருக்கும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்றே புரியாது. "சார்" என்று தொடங்கிவிட்டு அதிலேயே நிற்பது நல்லது. பத்து நாளில் காது பழகிவிடும்.

உண்மையான ஆபத்து சண்டையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. அந்த அறையை விட்டுச் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று இருவருக்குமே தோன்றும். நூறு நோட்டுகள் ஒரு கட்டு, பத்துக் கட்டுகள் ஒரு பண்டல். பண்டலை வெளியிலிருந்து பார்த்தே பத்து என்று ஒப்புக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நட்பாக இருந்த காலத்திலும் எண்ணாமல் போட்டிருப்பார்கள், அப்போது நம்பிக்கையால். இப்போது சங்கடத்தால்.

ஒரு கிளையில் நடந்தது இது. இருவருக்கும் பிளவு வந்ததே 15,000 ரூபாய் கைமாற்றில். ஒரு நாள் மாலை நூறு ரூபாய் பண்டல்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் உள்ளே அடுக்கினார்கள். மறுநாள் மதியம் கவுன்ட்டரில் ஒரு பண்டலைப் பிரித்தபோது ஒன்பது கட்டுகளே இருந்தன. 10,000 ரூபாய் குறைவு. இரண்டு கையெழுத்தும் இருந்ததால் இருவருமே பொறுப்பு. ஒருவர் வாய் திறக்கவில்லை. மற்றவர் பார்த்த பார்வையில் பழைய கைமாற்று முழுவதும் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, கவுன்ட்டர் இழுப்பறைக்குப் பின்னால் சரிந்து கிடந்த கட்டு கிடைத்தது. பணம் வந்துவிட்டது, அந்தப் பார்வை போகவில்லை.

அதன் பிறகு அவர்கள் கைக்கொண்ட வழி எளிமையானது. ஒருவர் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணை உரக்கச் சொல்வார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். மறுநாள் ஆள் மாறும். இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பேச எண்களைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. மௌனத்தை விட இது எவ்வளவோ மேல். எண்ணுவது சந்தேகப்படுவதாகவும் தெரியாது, ஏனென்றால் தினமும் அப்படித்தான்.

சாவியைக் கைமாற்றுவதில் இன்னொரு தவறு நடக்கும். முன்பு "இந்தா, நீயே திற" என்று கொடுத்துவிட்டுப் போனவர், இப்போது முகம் பார்க்கப் பிடிக்காமல் கடைநிலை ஊழியர் கையில் அனுப்புவார். இரண்டும் விதிமீறல்தான். வர முடியாத நாளில் சாவி மேலாளர் சொல்லும் மூன்றாவது நபருக்குத்தான் போக வேண்டும், அதுவும் சாவிப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டு.

கணினியில் சிக்கல் வேறு மாதிரி. ஒருவர் பதிந்ததை மற்றவர் ஒப்புதல் செய்தால்தான் பரிவர்த்தனை முடியும். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவை, கூப்பிட்டுச் சொல்லக் கூசி, "தானாகப் பார்ப்பார்" என்று விடுவார்கள். கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் முதியவர் அரை மணி நேரம் நிற்பார். காத்திருக்கும் பதிவுகளை இன்ன நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டால் கூப்பிடும் தேவையே குறையும். நட்பில் பகிர்ந்துகொண்ட கடவுச்சொல் இருந்தால், பிரிந்த அன்றே மாற்றிவிட வேண்டும். பின்னால் மாற்றினால் அது பழிவாங்கலாகத் தெரியும்.

இத்தனை செய்தும் ஒருவர் எண்ணும்போது மற்றவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அல்லது பதிவேட்டில் இரண்டு கையெழுத்தும் எண்ணி முடிக்கும் முன்பே விழுந்தால், ஏற்பாடு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலாளரிடம் போய் சாவிப் பொறுப்பைச் சுழற்சியில் மாற்றச் சொல்லலாம். எப்படியும் அவ்வப்போது மாற்ற வேண்டிய பொறுப்புதான் அது. காரணம் கேட்டால் அந்த ஒன்றைச் சொன்னாலே போதும். கைமாற்றுக் கதையை மேலாளரின் அறைக்குக் கொண்டுபோனால் அது மறுநாள் கேன்டீனுக்கு வந்துவிடும்.