கவருக்குள் கவர்: உயரத்துக்கு இறங்குவரிசை எதற்கு?

ஒரு கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் வேறொன்று. கையில் இருக்கும் கவர்களில் அதிகபட்சம் எத்தனையை இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் போட முடியும்? லீட்கோட் தளத்தில் 354ஆம் எண்ணில் இருக்கும் கணக்கு இது. உள்ளே போகும் கவரின் அகலம், உயரம் இரண்டுமே வெளிக் கவரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் போகாது. கவரைத் திருப்பிப் பிடிக்கவும் கூடாது.

ஒரு லட்சம் கவர்கள் இருந்தால், ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதற்கு ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் ஆகும். அதனால் வேறு வழி போகிறோம். அகலத்தை ஏறுவரிசையில் அடுக்குகிறோம். அகலம் ஒன்றாக இருப்பவற்றை மட்டும் உயரத்தின் இறங்குவரிசையில் வைக்கிறோம். பிறகு அகலத்தை மறந்துவிட்டு, உயரங்களில் மட்டும் மிக நீளமான ஏறுதொடரைத் தேடுகிறோம். முன்பின் மாற்றாமல், வேண்டாதவற்றை விட்டுவிட்டுப் பொறுக்கும்போது ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தால் அது ஏறுதொடர்.

```python
from bisect import bisect_left

def nest(envs):
    envs.sort(key=lambda e: (e[0], -e[1]))
    tails = []
    for _, h in envs:
        i = bisect_left(tails, h)
        if i == len(tails):
            tails.append(h)
        else:
            tails[i] = h
    return len(tails)
```

இந்தச் சில வரிகளை மனப்பாடமாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஏன் அப்படி என்று கேட்டால் வரும் பதில்களில்தான் தவறான நம்பிக்கைகள் தெரிகின்றன. கடையில் கிடைக்கும் கவர்களின் அளவுகளைக் கொண்டே அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். மில்லிமீட்டரில், அகலம் முதலில்: டிஎல் 110×220, சி6 114×162, சி6/5 114×229, பி6 125×176, சி5 162×229, பி5 176×250, சி4 229×324, பி4 250×353.

நம்பிக்கை: அகலம் சமமானால் உயரத்தை எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான்.

சி6, சி6/5, சி4 ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டுக்கும் அகலம் 114. உயரத்தையும் ஏறுவரிசையில் வைத்தால் 162, 229, 324 என்று வரும். மூன்றும் ஏறுகின்றன, நிரல் 3 என்று சொல்லும். ஆனால் 114 மி.மீ. கவர் இன்னொரு 114 மி.மீ. கவருக்குள் போகாது. சரியான விடை 2. அகலத்தை மறந்துவிட்ட நிரலுக்கு இந்தத் தவறைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

உயரத்தை இறங்குவரிசையில் வைத்தால் 229, 162, 324 என்று வரும். ஒரே அகலம் உள்ளவை கீழ்நோக்கி இறங்குவதால், எந்த ஏறுதொடரும் அவற்றில் ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது. இறங்குவரிசையின் வேலை இந்த ஒரு தடை மட்டுமே. இதனால் நல்ல சங்கிலி எதுவும் கெடுவதில்லை. உண்மையிலேயே ஒன்றுக்குள் ஒன்று போகும் கவர்களின் அகலங்கள் வேறு வேறாகத்தான் இருக்கும்; அவை அடுக்கிலும் அதே வரிசையில்தான் நிற்கும்.

இந்தப் பிழையை ஆபத்தானதாக்கும் விஷயம் ஒன்று உண்டு. மேலே சொன்ன எட்டு கவர்களையும் தவறான அடுக்கில் கொடுத்தாலும் நிரல் 6 என்றே சொல்லும், அதுதான் சரியான விடையும்! சி6, பி6, சி5, பி5, சி4, பி4 என்ற உண்மையான சங்கிலி அங்கே இருப்பதால், பொய்ச் சங்கிலி அதை மிஞ்சுவதில்லை. ஒரு மாதிரியில் விடை ஒத்துப்போனதை வைத்து அடுக்கு சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நம்பிக்கை: கடைசியில் `tails` பட்டியலில் நிற்பதுதான் சங்கிலி.

எட்டு கவர்களையும் சரியாக அடுக்கினால் உயரங்கள் 220, 229, 162, 176, 229, 250, 324, 353. முதலில் 220 வருகிறது, பிறகு 229. பட்டியல் [220, 229]. அடுத்து சி6இன் 162 வந்து 220ஐத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. இப்போது பட்டியல் [162, 229]. இதைச் சங்கிலி என்று படித்தால் சி6, சி6/5க்குள் போகிறது என்றாகும். நாம் தடுத்த அதே பொய்!

பட்டியல் சொல்வது வேறு. "நீளம் 1 உள்ள தொடர்களில் மிகச் சிறிய கடைசி உயரம் 162, நீளம் 2 உள்ளவற்றில் மிகச் சிறிய கடைசி உயரம் 229." இந்த இரண்டும் ஒரே தொடரைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 229க்கு முன்னால் நின்றது டிஎல்லின் 220. அது பட்டியலைவிட்டுப் போய்விட்டது. அடுத்து வரும் 176, 229ஐ அகற்றி [162, 176] ஆக்குகிறது. அதன்பின் தொடர்ந்து ஏறி நீளம் 6 ஆகிறது. ஷென்ஸ்டெட் 1961இல் வெளியிட்ட கட்டுரையில் எண்களை வரிசையாகச் செருகி உருவாக்கும் அட்டவணையின் முதல் வரியும் இப்படிப்பட்டதுதான். அதன் நீளம் சரியாக இருக்கும். அதில் நிற்கும் எண்கள் ஒரு தொடராக இருக்க வேண்டியதில்லை.

சங்கிலியே வேண்டுமென்றால், ஒவ்வொரு கவரும் `tails`இல் இடம்பிடிக்கும் அந்த நேரத்தில், முந்தைய இடத்தில் எந்தக் கவர் இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். பி6 அமரும்போது முந்தைய இடத்தில் சி6 இருக்கிறது, சி5 அமரும்போது பி6. கடைசியில் பி4இலிருந்து அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தால் சி6இல் போய் முடியும்.

நம்பிக்கை: `bisect_left`, `bisect_right` இரண்டில் எதுவானாலும் சரி.

சி6/5, சி5 இரண்டுக்கும் உயரம் 229. அகலம் வேறு என்பதால் அடுக்கு இங்கே உதவாது. சம உயரத்தைத் தடுப்பது தேடல்தான். `bisect_left` 229ஐ ஏற்கனவே இருக்கும் 229இன் மேலேயே வைக்கிறது. `bisect_right` அதன் பின்னால் சேர்த்து நீளத்தைக் கூட்டிவிடும்.

கணக்கின் விதி மாறி, சமமாக இருந்தாலும் போகலாம் என்றால் இரண்டையுமே மாற்ற வேண்டும். அப்போது உயரமும் ஏறுவரிசை, தேடல் `bisect_right`. இறங்குவரிசை எப்போதும் செல்லும் விதி அல்ல. "கண்டிப்பாகச் சிறியது" என்ற நிபந்தனைக்கு மட்டும் உரியது.

நம்பிக்கை: இதே வழியில் பெட்டிகளையும் அடுக்கலாம்.

நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவு வந்தால் முடியாது. ஒன்றை அடுக்கிவிட்டாலும் இரண்டு மிஞ்சும். ஒரு பெட்டி அகலத்தில் பெரிது, இன்னொன்று உயரத்தில் பெரிது என்றால் எது முன்னால்? ஒரே வரிசையில் நிறுத்த முடியாதவற்றில் இருமத் தேடல் நடக்காது. அதற்குப் பிரித்துத் தீர்க்கும் முறை போன்ற வேறு வழிகள் வேண்டும்.

உங்கள் நிரலைச் சோதிக்க மூன்று மூன்று கவர்களாக இரண்டு தொகுப்புகள் போதும். சி6, சி6/5, சி4 கொடுத்து 3 வந்தால் அடுக்கும் வரியில் பிழை. டிஎல், சி6/5, சி5 கொடுத்து 3 வந்தால் தேடும் வரியில் பிழை. இரண்டுக்கும் சரியான விடை 2.