மூன்றடி இடம்

நுழையும்முன்

சாலையின் ஓரத்தில் சற்று உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும் நடைபாதை, வாகனம் இல்லாதவர்க்கெனச் சாலையில் ஒதுக்கப்பட்ட ஒரே இடம். அவ்விடத்தில் ஒரு வாகனம் ஐந்து நிமிடம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு குறிப்பிட்ட தெருவையும் அதில் செல்லும் ஒருவரையும் அளவுகோல் கொண்டு பார்த்தால் அவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

ஒரு தெரு, ஒரு பயணம்

ஒரு நகரத்தின் கடைத்தெருவை மனத்தில் கொள்வோம். தெருவின் ஒரு முனையில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பெண் ஒருவரின் வீடு இருக்கிறது. மறுமுனையில் மருந்துக்கடை. இடைப்பட்ட தொலைவு இருநூறு மீட்டர். வீட்டருகிலும் கடையருகிலும் நடைபாதையில் ஏறி இறங்கச் சாய்தளங்கள் உள்ளன. நடைபாதையின் அகலம் 1.8 மீட்டர். கட்டியவர்கள் முறையாகவே கட்டியிருக்கிறார்கள். அவர் சாய்தளத்தில் ஏறி, நூற்று ஐம்பது மீட்டர் வரை இடையூறின்றிச் செல்கிறார். அங்கே ஓர் இருசக்கர வாகனம் நடைபாதையின் குறுக்கே நிறுத்தப்பட்டிருக்கிறது.

இருசக்கர வாகனத்தின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அது குறுக்காக நின்றால் பாதை முழுவதும் அடைபடும். சற்றுச் சாய்வாக நின்றால் ஒருபுறம் ஒன்றரை அடி இடைவெளி எஞ்சும். நடப்பவர் உடலை ஒருக்களித்து அதன்வழியே நுழைந்துவிடுவார். இல்லையேல் சாலையில் இறங்கி, இரண்டு எட்டு வைத்து, மீண்டும் மேலேறிவிடுவார். அவருக்கு அது சில நொடித் தொல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு நிலை வேறு. கைகளால் சக்கரத்தைத் தள்ளிச் செல்வதற்குத் தொண்ணூறு சென்டிமீட்டர், அதாவது மூன்றடி அகலம் தேவை. அந்த மூன்றடி அங்கே இல்லை.

அவர் சாலையில் இறங்கவும் இயலாது. நடைபாதையின் விளிம்புக்கல் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் கொண்டது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. அவ்வுயரத்திலிருந்து முன்னோக்கி இறங்கினால் நாற்காலி கவிழும். ஏறுவதோ பிறர் தூக்கினாலன்றி நடவாது. விளிம்புக்கல்லின் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்திற்குச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திற்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அத்தகைய சாய்தளம் அவருக்குப் பின்னால் நூற்று ஐம்பது மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே, ஐம்பது மீட்டர் முன்னால் உள்ள கடைக்குச் செல்வதற்காக அவர் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் சென்று, சாலையில் இறங்கி, வாகனங்களுக்கு நடுவே இருநூறு மீட்டரையும் கடக்க வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். நடைபாதையின் பயனை அளப்பது அதன் சராசரி அகலம் அன்று; அதன் மிகக் குறுகிய இடமே. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போவதுபோல, ஓர் இடத்தில் நின்ற ஒரு வாகனம் இருநூறு மீட்டர் நடைபாதையையும் ஒருவருக்கு இல்லாமற் செய்துவிடுகிறது. வாகனத்தை நிறுத்தியவர் தாம் எடுத்துக்கொண்டது இரண்டு மீட்டர் இடம் என்றே கருதுகிறார். இழந்தவர் இழந்தது முழுத்தெருவை.

பார்வை மாற்றுத்திறனாளிகளின் இடர் இன்னொரு வகையானது. வழிகாட்டுவதற்காகப் பதிக்கப்பட்ட புடைப்போடுகளின்மீது வாகனம் நின்றால், அவர் நம்பி வந்த கோடு எச்சரிக்கையின்றி முடிந்துவிடுகிறது. தரையைத் தட்டிச் செல்லும் கைத்தடி வாகனத்தின் சக்கரங்களுக்கு இடையே நுழைந்துவிடும். கைப்பிடியோ கண்ணாடியோ அவருடைய மார்பிலும் முகத்திலும் மோதிய பின்னரே அங்கொரு வாகனம் நிற்பதை அவர் அறிவார்.

வாகனம் அகன்ற பிறகும் தீங்கு அகல்வதில்லை. நடைபாதையின் கற்கள் பெரும்பாலும் மனிதர் நடப்பதற்கேற்பப் பதிக்கப்படுபவை. ஒரு டன் எடையுள்ள மகிழுந்து ஏறும்போது ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ இருநூற்று ஐம்பது கிலோ எடையை உள்ளங்கையளவு இடத்தில் அழுத்துகிறது. கற்கள் உடைகின்றன, அடியிலுள்ள மணல் அமிழ்கிறது. முதியவர் கால் இடறி விழும் பள்ளங்கள் பல இவ்வாறு தோன்றியவையே.

இரட்டை வரிசை நிறுத்தம்

ஓரமாக நிற்கும் வாகனத்தின் பக்கவாட்டில், சாலையின் நடுப்பகுதியை நோக்கி மற்றொரு வாகனத்தை நிறுத்துவதே இரட்டை வரிசை நிறுத்தம். ‘ஓட்டுநர் உள்ளேயே இருக்கிறார், இதோ எடுத்துவிடுவோம்’ என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம்.

நாம் கண்ட அதே தெருவின் வாகனப் பகுதி ஏழு மீட்டர் அகலமுடையது எனக் கொள்வோம். ஓரத்தில் நிற்கும் மகிழுந்து இரண்டு மீட்டரை எடுத்துக்கொண்டால் ஐந்து மீட்டர் எஞ்சும். எதிரெதிரே வரும் இரு சிறு வாகனங்கள் வேகம் குறைத்து அதில் கடந்துசெல்லலாம். இரண்டாம் வரிசையில் இன்னொரு மகிழுந்து நின்றால் எஞ்சுவது மூன்று மீட்டர். ஒரு பேருந்தின் அகலமோ ஏறத்தாழ 2.6 மீட்டர். பேருந்து அவ்விடத்தைக் கடக்கையில் ஒருபுறம் நாற்பது சென்டிமீட்டர்கூட ஒருவர்க்கு மிஞ்சாது. நடைபாதையிலிருந்து சாலைக்குத் தள்ளப்பட்ட அந்தப் பெண் அப்போது எங்கே இருப்பார்? நடைபாதை நிறுத்தமும் இரட்டை வரிசை நிறுத்தமும் தனித்தனிக் குற்றங்களாயினும், ஒன்று ஒருவரைச் சாலைக்குத் தள்ளுகிறது. மற்றொன்று சாலையிலும் அவருக்கு இடமில்லாமற் செய்கிறது.

இடம் குறைவது மட்டுமன்று, பார்வையும் மறைகிறது. மகிழுந்தின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தலை அதனினும் தாழ்வாகவே இருக்கும். தொடக்கப்பள்ளிக் குழந்தையின் உயரமும் அத்தகையதே. இரு வரிசை வாகனங்களுக்குப் பின்னாலிருந்து சாலையைக் கடக்க வருவோர், கடைசி வாகனத்தின் விளிம்பைத் தாண்டும்வரை ஓட்டுநரின் கண்ணில் படமாட்டார்.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் பதினொரு மீட்டர் செல்லும். ஆபத்தைக் கண்டு ஓட்டுநர் தடையை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அழுத்திய பின், உலர்ந்த நல்ல சாலையில் வாகனம் நிற்க மேலும் ஒன்பது மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் இருபது மீட்டர். குழந்தை ஐந்து மீட்டர் முன்னால் தோன்றினால், ஓட்டுநர் எவ்வளவு திறமையுடையவராயினும் ஐந்து மீட்டருக்குள் நிறுத்த இயலாது. விபத்து நேர்ந்தால் மோதிய வாகனத்தின் எண் பதிவாகிறது. பார்வையை மறைத்து நின்ற வாகனமோ பல வேளைகளில் அதற்குள் புறப்பட்டுப் போயிருக்கும்.

பேருந்து நிறுத்தத்தில் இவ்வாறு நிறுத்துவதன் விளைவும் நோக்கத்தக்கது. சென்னையில் 2024ஆம் ஆண்டு முதல் தாழ்தளப் பேருந்துகள் இயங்குகின்றன. பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால் அதன் சாய்பலகை நடைபாதையின்மேல் மென்சரிவாக அமரும்; சக்கர நாற்காலி ஏறிவிடும். மகிழுந்துகள் இடத்தை அடைத்துக்கொண்டால் பேருந்து நடுச்சாலையில் நிற்கும். அப்போது பலகை தாழ்வான சாலையில் செங்குத்தாக இறங்கும். பெருஞ்செலவில் வாங்கப்பட்ட பேருந்து, உரியவர்க்குப் பயன்படாமலே புறப்பட்டுவிடும்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 122ஆம் பிரிவு, பொது இடத்தைப் பயன்படுத்தும் பிறர்க்கு ஆபத்தையோ தடையையோ தகாத இடையூறையோ ஏற்படுத்துகின்ற அல்லது ஏற்படுத்தக்கூடிய நிலையில் வாகனத்தை நிற்கவிடலாகாது என்கிறது. இங்கே ‘ஏற்படுத்தக்கூடிய’ என்னும் சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. விபத்து நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. யாரேனும் முறையிட்டிருக்க வேண்டியதுமில்லை. அத்தகைய நிலையில் வாகனம் நின்றதே குற்றம். ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா என்பதும் இதில் வேறுபாட்டை ஏற்படுத்தாது.

இப்பொதுவிதியை 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் இடம் சுட்டி விளக்கின. நடைபாதையின்மேலும், பாதசாரிகள் கடக்கும் இடத்தின் அருகிலும், நிறுத்தப்பட்ட மற்றொரு வாகனத்தின் பக்கவாட்டிலும் நிறுத்துதல் கூடாது என அவை வரையறுத்தன. அவற்றிற்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இத்தடைகளைத் தொடர்கின்றன. ஆதலால் ‘இங்கே நிறுத்தாதீர்’ என்னும் பலகை இல்லை என்று கூறி நடைபாதையில் நிறுத்தியவர் தப்ப இயலாது. நிறுத்தம் தடைசெய்யப்பட்ட இடத்தில் கேட்பாரற்று விடப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்ல 127ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அதற்கான செலவு உரிமையாளரையே சாரும்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 41ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க சாலைகளை அமைப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நடைபாதையைத் தடையின்றிப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதம் கூறியது.

தூணால் தடுக்க முடியாதது

நடைபாதையின் நுழைவாயிலில் தடுப்புத் தூண்களை நட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று தோன்றலாம். மகிழுந்தைப் பொறுத்தவரை அது உண்மை. தூண்களுக்கு இடையே நான்கடி விட்டாலும் மகிழுந்து நுழையாது. இருசக்கர வாகனத்தின் கைப்பிடி அகலமோ ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலி செல்லுமாறு மூன்றடி விட்டால் அவ்வாகனமும் செல்லும். அவ்வாகனத்தைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால் சக்கர நாற்காலியும் தடுக்கப்படும். யாருக்காகக் காவல் வைத்தோமோ அவரையே வெளியே நிறுத்திய காவலாக அது முடியும். இத்தகைய குறுகிய தடுப்புகளை நம் நகரங்களில் இன்றும் காணலாம்.

பொறியியல் கைவிரிக்கும் இவ்விடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. சட்டத்தின் காவலர் எல்லாத் தெருவிலும் எந்நேரமும் நிற்க இயலாது. வண்டியை நிறுத்தக் காலூன்றும் அந்த ஒரு நொடியில், முடிவு ஓட்டுநரின் கையில் மட்டுமே இருக்கிறது. இன்னும் சிறிது காலத்தில் நீங்கள் ஓட்டுநர் உரிமம் பெறுவீர்கள். அப்போது நிறுத்துவதற்கு இடம் தேடி நூறு மீட்டர் கூடுதலாக நடக்க நேரலாம். அந்த நூறு மீட்டர் உங்களால் நடக்கக்கூடியது. நீங்கள் விட்டுச்செல்லும் மூன்றடியோ, வேறு வழியே இல்லாத ஒருவருக்கு மருந்துக்கடைக்கும் பள்ளிக்கும் பணியிடத்திற்கும் செல்லும் வழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள நடைபாதையில் நூறு மீட்டர் தொலைவை அளந்து, அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தைக் குறிக்க. அதன்வழியே சக்கர நாற்காலி செல்லுமா எனக் கண்டறிக.

2. ‘ஏற்படுத்துகின்ற அல்லது ஏற்படுத்தக்கூடிய’ என்னும் தொடரில் இரண்டாம் சொல் இல்லாவிடில் சட்டத்தின் பயன் எவ்வாறு குறையும்? வகுப்பில் கலந்துரையாடுக.